“சம்பளக் கோப்பு செல்லவில்லை”: நிதிப் பிரிவுக்குப் போன இரண்டு செய்திகள் – ஒரு நிகழ்வு ஆய்வு

2025 அக்டோபர் 31, வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு, புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இயங்கும் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் அக்டோபர் மாதச் சம்பளக் கோப்பு வங்கிக்குச் சென்றிருக்க வேண்டும். செல்லவில்லை. சம்பள மென்பொருளுக்கும் வங்கிக்கும் நடுவில் நிற்கும் கோப்புச் சேவை அந்த நேரத்தில் முடங்கியிருந்தது. மாலை 5.42 மணிக்குச் சேவை திரும்பியது. அன்றிரவே ஒருவரைத் தவிர மற்ற அனைவருக்கும் சம்பளம் வரவாகிவிட்டது. அந்த அளவில் பார்த்தால் இது எழுதி வைக்க வேண்டிய நிகழ்வே அல்ல. ஆனால் கோளாறைத் தெரிவித்து நிதிப் பிரிவுக்கு அனுப்பப்பட்ட முதல் செய்தியைத் தொடர்ந்து, 286 பேருக்கும் இரண்டு முறை சம்பளம் போய்விடக்கூடிய நிலை சுமார் கால் மணி நேரம் நீடித்தது. அதை நிறுத்தியது இரண்டாவது செய்தி. இந்த ஆய்வு அவ்விரு செய்திகளைப் பற்றியது. நிறுவனம், வங்கி, சேவை வழங்குநர் ஆகியோரின் பெயர்கள் இதற்குத் தேவையில்லை.

கோப்பு செல்லும் வழி

இந்த நிறுவனத்துக்குப் புதுச்சேரியில் தொழிற்சாலையும் கடலூரில் ஒரு கிடங்கும் உள்ளன. இரண்டு இடத்தாருக்கும் சம்பளம் ஒரே பட்டியலாகவே போடப்படுகிறது. மாதக் கடைசி நாள் பிற்பகலில் நிதி மேலாளர் சம்பள மென்பொருளில் பட்டியலைப் பார்த்து ஒப்புதல் அளித்துப் பூட்டுவார். மாலை 4 மணிக்கு மென்பொருள் தானாக அந்தப் பட்டியலை எடுத்துக் கோப்புச் சேவைக்கு அனுப்பும். கோப்புச் சேவை என்பது வெளியார் ஒருவர் நடத்தும் இடைநிலை அமைப்பு. பட்டியலை வங்கி கேட்கும் வடிவத்துக்கு மாற்றுவது, குறியாக்கம் செய்வது, வங்கியின் சர்வரில் கொண்டுபோய்ச் சேர்ப்பது, வங்கி தரும் ஒப்புகையைத் திருப்பிக் கொண்டுவருவது ஆகியவை அதன் வேலைகள். நிறுவனத்தின் அதே வங்கியில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு உள் பரிமாற்றமாகவும், மற்றவர்களுக்கு நெஃப்ட் மூலமாகவும் பணம் செல்கிறது.

இந்த வழியில் வரும் கோப்புக்கு வங்கித் தளத்தில் இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டியதில்லை. பட்டியலைப் பூட்டிய ஒப்புதலே போதுமென்று நிறுவனமும் வங்கியும் உடன்பட்டிருக்கின்றன. இதை இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். கோப்பு போய்ச் சேர்ந்துவிட்டால் பணமும் போய்விடும். நடுவில் தடுக்க மனிதர் யாரும் இல்லை.

மாலை 4 மணிக்கு நடந்தது

சம்பள மென்பொருளின் பதிவில் இருந்தவை இந்த ஆறு வரிகள்தான்.

```
16:00:02 INFO  payroll_export start month=2025-10 status=APPROVED
16:00:03 WARN  GET /v1/health -> 503 Retry-After: 3600
16:05:03 WARN  GET /v1/health -> 503 Retry-After: 3600
16:10:03 ERROR GET /v1/health -> 503 Retry-After: 3600
16:10:03 ERROR aborted before file build; batch_no not assigned
16:10:04 INFO  auto_retry scheduled 17:10:00 interval=60m
```

கோப்பை உருவாக்குவதற்கு முன்பாக, சேவை உயிரோடு இருக்கிறதா என்று மென்பொருள் மூன்று முறை கேட்டுப் பார்த்திருக்கிறது. மூன்று முறையும் 503 என்ற பதிலே வந்தது. சர்வரை அடைய முடிகிறது, ஆனால் அது இப்போது வேலை செய்யும் நிலையில் இல்லை என்பது இதன் பொருள். `Retry-After: 3600` என்பது, 3600 விநாடிகள், அதாவது ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் கேட்டுப் பார்க்கலாம் என்று சர்வர் தரும் குறிப்பு. அது ஒரு மதிப்பீடுதானே தவிர வாக்குறுதி அல்ல. பராமரிப்பு நிலைக்கு மாற்றப்படும் சர்வர் முன்கூட்டியே எழுதி வைத்த எண்ணையே எல்லோருக்கும் திருப்பிச் சொல்லும். உள்ளே கோளாறு எவ்வளவு பெரியது என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது.

நிதிப் பிரிவுக்கு மிக முக்கியமானது ஐந்தாவது வரி. கோப்பு உருவாவதற்கு முன்பே வேலை நின்றுவிட்டது. ஒவ்வொரு கோப்பையும் அடையாளம் காட்டும் தொகுதி எண்கூட ஒதுக்கப்படவில்லை. எனவே வங்கிக்கு ஏதேனும் ஒரு பகுதி போயிருக்குமோ என்ற ஐயத்துக்கே இடமில்லை. இதே இடத்தில், கோப்பை அனுப்பிய பிறகு 504 வந்திருந்தால் கதை வேறு. இடையில் உள்ள வாயில் தனக்குப் பின்னால் இருக்கும் சர்வரின் பதிலுக்காகக் காத்திருந்து, பதில் வராமல் கைவிட்டது என்பதே 504 சொல்வது. நாம் அனுப்பியது உள்ளே போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதை அது சொல்லாது. கோப்பு உள்ளே போய், ஒப்புகை மட்டும் வெளியே வராமல் இருந்திருக்கலாம். அப்படிப்பட்ட நிலையில், வங்கியிடம் கேட்டு உறுதி செய்யும்வரை “செல்லவில்லை” என்ற சொல்லையே பயன்படுத்தக் கூடாது. “சென்றதா என்று தெரியவில்லை” என்றுதான் எழுத வேண்டும்.

ஆறாவது வரியையும் கவனிக்க வேண்டும். 5.10 மணிக்கும், அதன் பிறகு ஒவ்வொரு மணி நேரத்துக்கு ஒரு முறையும், மென்பொருள் தானாகவே மீண்டும் முயன்று கொண்டிருக்கும்.

முதல் செய்தி

சம்பளப் பொறுப்பு அலுவலர் 4.18 மணிக்கு நிதிப் பிரிவின் பொது மின்னஞ்சலுக்கு அனுப்பியது இது.

“வணக்கம். வங்கிக் கோப்புச் சேவை கிடைக்காத காரணத்தால் அக்டோபர் மாதச் சம்பள ஏற்றுமதி தோல்வியடைந்தது. சேவை வழங்குநரிடம் புகார் பதிவு செய்யப்பட்டுள்ளது. சிக்கல் தீர்ந்ததும் மீண்டும் முயலப்படும். சிரமத்துக்கு வருந்துகிறோம்.”

இதில் பொய் ஒன்றுமில்லை. கோளாறு நேர்ந்த எட்டே நிமிடத்தில் தகவல் போயிருக்கிறது என்பதும் பாராட்டத்தக்கதே. ஆனால் இதைப் படித்த கணக்கு அலுவலருக்கு, பணம் போனதா இல்லையா என்பது தெரியவில்லை. “தோல்வியடைந்தது” என்பது கோப்பே உருவாகவில்லை என்பதற்கும் பொருந்தும். பாதிப் பேருக்குப் போய் மீதிப் பேருக்கு நின்றது என்பதற்கும் பொருந்தும். “வங்கி” என்ற சொல் முன்னால் நின்றதால், வங்கியிலேயே கோளாறு என்று அவர் எடுத்துக்கொண்டார். “மீண்டும் முயலப்படும்” என்பதில் யார், எப்போது என்பது இல்லை. அடுத்த முயற்சி மனிதர் கைப்படாமல் 5.10 மணிக்கே நடக்கப் போகிறது என்பதை அந்தச் சொற்களிலிருந்து யாராலும் ஊகிக்க முடியாது.

அவர் முதலில் சம்பளப் பொறுப்பு அலுவலரை அழைத்தார். “சார், பணம் போச்சா போகலயா, அதை மட்டும் சொல்லுங்க” என்று கேட்பதற்காகத்தான். ஆனால் பொறுப்பு அலுவலரோ சேவை வழங்குநரின் உதவி மையத்துடன் பேசிக்கொண்டிருந்தார்; இணைப்பு கிடைக்கவில்லை. அடுத்து வங்கிக் கிளையை அழைத்தார். “எங்க பக்கம் ஒரு பிரச்சினையும் இல்ல மேடம், நெட் பேங்கிங் நல்லாத்தான் ஓடுது” என்று பதில் வந்தது. அதுவும் உண்மைதான்.

அவர் அடுத்துச் செய்ததை அவசரம் என்று சொல்லிவிட முடியாது. மறுநாள் நவம்பர் 1, புதுச்சேரி விடுதலை நாள், அலுவலகம் விடுமுறை. அதற்கடுத்த நாள் ஞாயிறு. ஆனால் கடலூர்க் கிடங்குக்குச் சனிக்கிழமை வேலை நாள். சம்பளம் வரவில்லையென்றால் கேட்பதற்கு அங்கே ஆட்கள் இருப்பார்கள். பதில் சொல்லப் புதுச்சேரியில் யாரும் இருக்க மாட்டார்கள். நெஃப்ட் 2019 டிசம்பர் முதல் எல்லா நாளும் 24 மணி நேரமும் இயங்குகிறது. கடன் தவணைகளைப் பிடிக்கும் நாச் அமைப்பும் 2021 ஆகஸ்ட் முதல் விடுமுறை நாளிலும் இயங்குகிறது. ஆகவே 1ஆம் தேதி தவணை உள்ள ஒரு தொழிலாளியின் கணக்கிலிருந்து, விடுமுறை நாளாக இருந்தாலும், பணம் எடுக்கப்படும். இருப்பு இல்லையென்றால் வங்கி அபராதம் போடும். சட்டப்படி பார்த்தால் இவ்வளவு நெருக்கடி இல்லை. ஆயிரத்துக்கும் குறைவானோர் பணிபுரியும் இடத்தில் அடுத்த மாதம் 7ஆம் நாள் முடிவதற்குள் ஊதியம் தர வேண்டும் என்பதே 1936ஆம் ஆண்டின் சட்டம் வைத்த வரம்பு. அதற்குப் பிறகு நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பும் மாத ஊதியத்துக்கு அதே ஏழு நாளைத்தான் வைத்திருக்கிறது. நெருக்கடியைத் தந்தது சட்டமல்ல, தவணைகள்.

எனவே 4.35 மணிக்குக் கணக்கு அலுவலர் சம்பளப் பட்டியலை எக்செல் கோப்பாக இறக்கி, நெட் பேங்கிங்கில் மொத்தப் பரிமாற்றமாக ஏற்றினார். கைமுறை ஏற்றத்துக்கு மட்டும் மேக்கர், செக்கர் என இரண்டு பேர் தேவை. மேக்கராக அவர் இட்டது, செக்கரான நிதி மேலாளரின் திரையில் ஒப்புதலுக்காகக் காத்திருந்தது.

இந்த இடத்தில் அபாயம் என்னவென்று விளக்கிவிட வேண்டும். நிதி மேலாளர் 4.55 மணிக்கு ஒப்புதல் தந்திருந்தால் சம்பளம் போயிருக்கும். 5.10 மணிக்குத் தானியங்கி மறுமுயற்சி நடந்து, சேவை திரும்பாததால் தோற்றிருக்கும். 6.10 மணிக்கு நடக்கும் அடுத்த முயற்சி வெற்றி பெற்று, அதே 286 பேருக்கும் இன்னொரு முறை சம்பளம் போயிருக்கும். வங்கி இதைத் தடுத்திருக்காது. ஒரே தொகுதி எண்ணுடன் ஒரு கோப்பு இரண்டாம் முறை வந்தால் வங்கி நிராகரிக்கும். ஆனால் நெட் பேங்கிங்கில் ஏற்றியதற்கு வேறு எண், சேவை வழியாக வருவதற்கு வேறு எண். வங்கியின் கண்ணுக்கு அவை இரண்டு தனித்தனிக் கட்டளைகள். வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து அன்று வந்த பெருந்தொகை நடப்புக் கணக்கில் இருந்ததால், இருப்புக் குறைவு என்ற காரணத்தாலும் இரண்டாவது கோப்பு நின்றிருக்காது. பெறுபவரின் கணக்கில் வரவான நெஃப்ட் தொகையை அனுப்பியவர் நினைத்தபடி திரும்ப எடுக்க முடியாது. ஒவ்வொருவரிடமும் பேசி, ஒப்புதல் வாங்கி, பல மாதங்களில் கழித்துத்தான் மீட்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது செய்தி

உதவி மையத்துடன் பேசி முடித்ததும், தவறவிட்ட அழைப்பைப் பார்த்த பொறுப்பு அலுவலர் முதலில் தானியங்கி மறுமுயற்சியை நிறுத்தினார். அதன் பிறகு 4.50 மணிக்கு இதை அனுப்பினார்.

“பொருள்: அக்டோபர் சம்பளம் – வங்கிக்கு எந்தக் கோப்பும் செல்லவில்லை, நெட் பேங்கிங்கில் ஏற்ற வேண்டாம்

நிதிப் பிரிவினருக்கு வணக்கம்.

இன்று மாலை 4.00 மணிக்கு உருவாகியிருக்க வேண்டிய சம்பளக் கோப்பு உருவாகவில்லை. பகுதியாகக்கூட எதுவும் வங்கிக்குச் செல்லவில்லை. 286 பேருக்கான நிகரச் சம்பளம் ரூ.71,48,320 முழுவதும் இன்னும் செலுத்தப்படாமல் இருக்கிறது. எங்கள் பதிவுகளை வைத்து இதைச் சொல்கிறோம். நடப்புக் கணக்கில் 4.00 மணிக்குப் பிறகு இந்தத் தொகையில் பற்று எதுவும் இல்லை என்பதை நீங்களும் ஒருமுறை பார்த்து உறுதிப்படுத்தவும். 3.30 மணிக்கு நீங்கள் ஒப்புதல் அளித்த பட்டியலில் எந்த மாற்றமும் இல்லை.

கோளாறு, கோப்பை வங்கிக்குக் கொண்டுபோகும் இடைநிலைச் சேவையில் உள்ளது. வங்கியிலோ நெஃப்ட்டிலோ கோளாறு இல்லை.

தானியங்கி மறுமுயற்சியை 4.44 மணிக்கு நிறுத்திவிட்டோம். நிதி மேலாளர் எழுத்தில் அனுமதி தராமல் எங்கள் பக்கத்திலிருந்து எந்தக் கோப்பும் செல்லாது. நீங்களும் நெட் பேங்கிங்கில் ஏற்ற வேண்டாம். ஏற்கெனவே ஏற்றியிருந்தால் ஒப்புதல் தராமல் உடனே எங்களுக்குத் தெரிவிக்கவும்.

சேவை எப்போது திரும்பும் என்று வழங்குநர் உறுதியாகச் சொல்லவில்லை. சரியானாலும் ஆகாவிட்டாலும் 5.30 மணிக்கு அடுத்த தகவல் தருவோம். 7.30 மணிக்குள் திரும்பாவிட்டால், கைமுறை ஏற்றத்துக்கு மாறுவதா என்பதை நிதி மேலாளர் முடிவு செய்ய வேண்டியிருக்கும். அதற்கான கோப்பை வங்கி வடிவத்திலேயே நாங்கள் தயாராக வைத்திருப்போம். இன்றிரவு 12 மணியைத் தாண்டினால் கோப்பில் உள்ள தேதியை மாற்ற வேண்டும். பழைய தேதியிட்ட கோப்பை வங்கி ஏற்காது.

சம்பளச் செலுத்துச் சீட்டை அதுவரை பதிவிட வேண்டாம்.”

நிதி மேலாளர் கைமுறைக் கோப்பைத் திறந்து வைத்திருந்தபோதுதான் இது வந்தது. அவர் அதை நிராகரித்து, நிராகரித்த திரையைப் படமெடுத்துப் பதில் மின்னஞ்சலில் இணைத்தார்.

இந்தச் செய்தி எதனால் வேலை செய்தது

முதல் செய்தியைவிட இது பல மடங்கு நீளம். ஆனால் படித்து முடிக்காதவருக்கும் பொருள் வரியே போதும். பணம் போகவில்லை, நீங்கள் கை வைக்க வேண்டாம் என்ற இரண்டும் அதில் இருக்கின்றன. நிதிப் பிரிவினர் கைப்பேசியில் முதலில் பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான்.

என் பார்வையில் இதில் மிகக் கவனமாக எழுதப்பட்ட இடம், “எங்கள் பதிவுகளை வைத்து இதைச் சொல்கிறோம்” என்ற வாக்கியம். பொறுப்பு அலுவலரிடம் மூன்று ஆதாரங்கள் இருந்தன: பதிவின் ஐந்தாவது வரி, வெளியே செல்லும் கோப்புகளுக்கான வெற்று அடைவு, ஒதுக்கப்படாத தொகுதி எண். மூன்றும் சம்பள மென்பொருளின் பக்கத்தில் உள்ளவை. வங்கிக் கணக்கை அவரால் பார்க்க முடியாது. நிதிப் பிரிவால் பார்க்க முடியும். தனக்குத் தெரிந்ததைத் தெரிந்த அளவில் சொல்லி, மீதியை அதைப் பார்க்கக்கூடியவரிடமே ஒப்படைத்திருக்கிறார். “பணம் எதுவும் எடுக்கப்படவில்லை” என்று மொட்டையாக எழுதியிருந்தால், தன்னால் சரிபார்க்க இயலாத ஒன்றை உறுதி கூறியதாகியிருக்கும்.

மறுமுயற்சியை நிறுத்தியதும் அதை நேரத்துடன் எழுதியதும் அடுத்து முக்கியம். தானியங்கி ஓடிக்கொண்டிருக்கும்போது “நீங்கள் ஏற்ற வேண்டாம்” என்று மட்டும் சொல்வது பாதி வேலைதான். இரண்டு வழிகளில் ஒன்று மூடப்பட்டு, திறப்பது யார் என்பதும் முடிவான பிறகே, இரட்டைச் செலுத்தல் இயலாததாகிறது. கோளாறு நேரங்களில் தானியங்கி மறுமுயற்சியை அப்படியே விட்டுவைப்பதுதான் வசதி என்று சொல்பவர்கள் உண்டு. பணம் செல்லும் வேலைக்கு அந்த வசதி வேண்டாம் என்பதே என் கருத்து. சர்வர் நகல் எடுக்கும் வேலைக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

கைமுறைக் கோப்பை நாங்களே வங்கி வடிவத்தில் தருகிறோம் என்று எழுதியதற்குப் பின்னால் ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. நிராகரிக்கப்பட்ட அந்த எக்செல் கோப்பைப் பிறகு திறந்து பார்த்தபோது, சில வரிகளில் கணக்கு எண்கள் பட்டியலில் இருந்தபடி இல்லை. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்திருக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாகவே இட்டால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். பூஜ்யத்தில் தொடங்கும் கணக்கு எண்களில் முன்னால் உள்ள பூஜ்யங்கள் காணாமல் போகும். அந்தக் கலங்களை முன்கூட்டியே எழுத்து வடிவமாக அமைத்திருந்தால் இது நேராது. ஆனால் பட்டியலை இறக்கிய பிறகு வடிவத்தை மாற்றிப் பயனில்லை. போன இலக்கம் திரும்பாது. நெஃப்ட்டில் பணம் வரவாவது கணக்கு எண்ணை வைத்துத்தான். பெயர் பொருந்தவில்லை என்பதால் அது நிற்பதில்லை. பெரும்பாலும் அத்தகைய எண்ணில் கணக்கே இல்லாமல் பணம் திரும்பி வந்துவிடும். அப்படி ஒரு கணக்கு இருந்துவிட்டால், வேறு யாரோ ஒருவரின் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கடைசி வாக்கியம், அதாவது பணம் கொடுத்ததைக் கணக்கில் எழுதும் செலுத்துச் சீட்டைப் பதிவிட வேண்டாம் என்பது, கணக்கு எழுதுபவர்களுக்கு மட்டும் புரியும் அக்கறை. கணக்கு அலுவலர் வழக்கம்போல் 31ஆம் தேதியிட்டு வங்கிச் செலுத்துச் சீட்டை வரைவாக வைத்திருந்தார். கோப்பு நள்ளிரவைத் தாண்டியிருந்தால் பணம் போவது நவம்பரில். அக்டோபர் இறுதியில் அந்த ரூ.71,48,320 வங்கியிலும் இருக்கும், கொடுபட வேண்டிய சம்பளமாகப் பொறுப்புகளிலும் இருக்கும். சீட்டை முன்பே பதிவிட்டிருந்தால் மாத இறுதி வங்கிச் சரிக்கட்டலில் அந்தத் தொகை அப்படியே வித்தியாசமாக நிற்கும். வருமான வரிப் பிடித்தத்துக்கும் இது பொருந்தும். சம்பளத்தில் வரி பிடிப்பது பணம் செலுத்தும் நேரத்தில்தான் என்பது அப்போது நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 192ஆம் பிரிவின் நிலை. எனவே அக்டோபர் சம்பளம் 31ஆம் தேதி போனால் வரியை நவம்பர் 7க்குள் கட்ட வேண்டும்; நவம்பர் 1ஆம் தேதி போனால் அது நவம்பர் பிடித்தமாகி, டிசம்பர் 7க்குள் கட்டினால் போதும். வருங்கால வைப்பு நிதி அப்படி நகராது. அக்டோபர் ஊதியத்துக்கான தொகையை நவம்பர் 15க்குள் கட்டியாக வேண்டும்.

சேவை திரும்பிய பிறகு

5.30 மணிக்குச் சொன்னபடி ஒரு வரித் தகவல் போனது: இன்னும் திரும்பவில்லை, நிலையில் மாற்றமில்லை. 5.42 மணிக்குச் சேவை திரும்பியது. குறியாக்கச் சாவியை மாற்றுவதற்காக நண்பகலில் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோனபோது ஒரு பகுதி மீண்டும் எழவில்லை என்று வழங்குநர் விளக்கம் தந்தார். மாதக் கடைசி நாளில் சாவி மாற்றியதற்கு அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை.

உடனே கோப்பை அனுப்பிவிடவில்லை. கைமுறைக் கோப்பு நிராகரிக்கப்பட்டதைக் காட்டும் திரையின் படம் கையில் இருக்கிறதா என்று பார்த்து, நிதி மேலாளரின் அனுமதி மின்னஞ்சலை 5.53 மணிக்குப் பெற்று, அதன் பிறகே 5.58 மணிக்குக் கோப்பு உருவாக்கப்பட்டது. 286 வரிகள், ரூ.71,48,320 என்ற இரண்டு எண்களும் பூட்டிய பட்டியலுடன் ஒத்துப்போனதை இருவர் தனித்தனியே பார்த்தனர். 6.04 மணிக்கு, கோப்பு கிடைத்தது என்று வங்கியிலிருந்து ஒப்புகை வந்தது. கிடைத்தது என்பதற்கும் ஏற்கப்பட்டது என்பதற்கும் நடுவில் வங்கியின் சரிபார்ப்பு உள்ளது. ஏற்கப்பட்டது என்பதற்கும் வரவானது என்பதற்கும் நடுவில் இன்னொரு கட்டம் உள்ளது. எனவே 6.04 மணிக்கு “சம்பளம் போய்விட்டது” என்று யாருக்கும் சொல்லவில்லை. 6.19 மணிக்கு ஏற்பு வந்தது. அதே வங்கியில் கணக்கு உள்ள 194 பேருக்கு உடனே வரவாயிற்று. மீதி 92 பேரின் தொகை 6.30 மணி நெஃப்ட் தொகுதியில் போனது. நெஃப்ட் அரை மணிக்கு ஒரு தொகுதியாகத் தீர்க்கப்படுகிறது. தொகுதி தீர்ந்த இரண்டு மணி நேரத்துக்குள் பெறும் வங்கி வரவு வைக்க வேண்டும், அல்லது திருப்பி அனுப்ப வேண்டும். ஆகவே கடலூர்க் கிடங்கின் மேற்பார்வையாளருக்கு, “8.30 மணிக்குள் வந்துவிடும், அதற்கு முன் யாரும் வங்கிக்குப் போக வேண்டாம்” என்று சொல்ல முடிந்தது.

மூன்றாவது செய்தி 8.47 மணிக்குப் போனது. “286 பேரில் 285 பேருக்கு ரூ.71,28,860 வரவாகிவிட்டது. பரிமாற்ற எண்களின் பட்டியல் இணைப்பில் உள்ளது. ஒருவரின் கணக்கு முடக்கப்பட்டிருப்பதால் ரூ.19,460 நிறுவனக் கணக்குக்குத் திரும்பியுள்ளது. இது இன்றைய கோளாறுடன் தொடர்பில்லாதது. செலுத்துச் சீட்டை 31ஆம் தேதியிட்டு இப்போது பதிவிடலாம். தானியங்கி மறுமுயற்சி இந்த மாதத்துக்கு மூடப்பட்டுவிட்டது.”

இதற்குப் பிறகு இரண்டு மாற்றங்கள் செய்யப்பட்டன. சம்பள மென்பொருளில் தானியங்கி மறுமுயற்சி நிரந்தரமாக எடுக்கப்பட்டது. இப்போது சேவை திரும்பியதும் அறிவிப்பு மட்டும் வரும், அனுப்புவது ஆளின் கையில். சம்பளக் கோப்பு செல்லும் நேரம் மாதக் கடைசி வேலை நாளுக்கு முந்தைய நாள் காலை 11 மணிக்கு மாற்றப்பட்டது; கோப்பில் இடப்படும் தேதி மட்டும் கடைசி நாளாகவே இருக்கும். இன்னும் முடிவாகாமல் இருப்பது, நிதி மேலாளர் இல்லாத நாளில் எழுத்து அனுமதியை யார் தருவது என்பது. கடலூர்க் கிடங்கின் நிர்வாக அலுவலருக்கு அந்த அதிகாரத்தைத் தரலாம் என்று சம்பளப் பிரிவு கேட்டிருக்கிறது; பட்டியலைப் பூட்டும் அதிகாரம் இல்லாத ஒருவருக்கு அதைத் தருவதில் நிதிப் பிரிவுக்கு உடன்பாடில்லை.